ஒரு மணிக்கு 5 நிமிடம்: தோல் பதனிடும் செய்முறைத் தாளைத் தமிழாக்கிய அனுபவம்

"இரவு முழுவதும் ஒரு மணிக்கு 5 நிமிடம் டிரம்மை ஓட்டவும்."

நான் எழுதிய வரி இது. தோலிலிருந்து முடியை நீக்கும் சுண்ணாம்புக் கட்டத்துக்கான கட்டளை; டிரம் என்பது தோலையும் தண்ணீரையும் போட்டுச் சுழற்றும் பெரிய பீப்பாய். ஆங்கிலத் தாளில் 'ரன் 5 மினிட்ஸ் பெர் அவர், ஓவர்நைட்' என்று இருந்தது. எழுதும்போது இதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் என்று நான் குறித்து வைத்திருந்ததெல்லாம் வேதிப்பொருள் பெயர்கள், கலைச்சொற்கள். இந்த வரியை இரண்டாவது தடவை படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அன்று இரவுப் பணியில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தாளைப் படித்தார். நள்ளிரவு தாண்டி ஒரு மணி அடித்ததும் எழுந்துபோய் டிரம்மை 5 நிமிடம் ஓட்டினார், நிறுத்தினார். எழுதியிருந்ததை அப்படியே செய்தார். "ஒரு மணிக்கு வா" என்றால் ஒரு மணி ஆனதும் வா என்றுதானே பொருள்? மணிக்கு ஒருமுறை என்று நான் நினைத்து எழுதியதை அவர் கடிகாரத்தில் ஒரு மணி என்று படித்தார். தமிழில் இரண்டுமே சரி. தவறு எழுதியவன் பக்கம்தான்.

காலையில் டிரம் கதவைத் திறந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். மேலே கிடந்த தோல்களில் முடி கூழாகிக் கழன்றிருந்தது. அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அமுங்கிக் கிடந்தவற்றை இழுத்துப் போட்டால், மடிப்பு விழுந்த இடங்களில் எல்லாம் முடி பட்டை பட்டையாக அப்படியே நின்றது. தோலின் ஒரு பக்கம் தடித்து உப்பியிருக்க, மடிப்புக்குள் இருந்த பக்கம் தளர்ந்து மெலிந்து கிடந்தது. டிரம் மேஸ்திரி ஒரு மடிப்பை விரித்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். முடி வரவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க எழுதுன தாளை ஒருதரம் எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் உண்மையான மொழிபெயர்ப்பு வேலை தொடங்கியது.

ஏன் அந்த 5 நிமிடம் அவ்வளவு முக்கியம் என்று வேதியியல் பிரிவில் இருந்த அம்மையார் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த லாட்டில் உப்புத் தோல் 1000 கிலோ. சுண்ணாம்புக் கட்டத்தில் டிரம்மில் 1500 லிட்டர் தண்ணீர், சோடியம் சல்பைடு இரண்டரை விழுக்காடு, அதாவது 25 கிலோ, சுண்ணாம்பு 3 விழுக்காடு, அதாவது 30 கிலோ. சுண்ணாம்பு தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும், லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிராம். அப்படியானால் 1500 லிட்டரில் கரைந்திருப்பது இரண்டேகால் கிலோ அளவுதான். மீதி முழுவதும் வெண்பாலாக மிதந்து, டிரம் நின்றதும் மெல்ல அடியில் படிந்துவிடும். கரைந்த சுண்ணாம்பைத் தோல் எடுத்துக்கொள்ளக்கொள்ள, படிந்ததிலிருந்து புதிதாகக் கரைந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அதற்கு யாராவது கலக்கிவிட வேண்டும். தோலும் இடம் மாற வேண்டும், மடிப்பு பிரிய வேண்டும். இதையெல்லாம் செய்வது மணிக்கொரு தடவை ஓடும் அந்த 5 நிமிடம்.

"அப்படின்னா இரவு முழுக்க ஓடவிட்டால் என்ன?" என்று கேட்டேன். சுண்ணாம்பில் ஊறிய தோல் வீங்கி விறைத்து நிற்கும். அந்த நிலையில் தோலோடு தோல் இடைவிடாமல் உரசினால் முடிப் பக்கத்து மேற்பரப்பு தேய்ந்துவிடும், அந்தத் தேய்மானம் கடைசியில் பளபளப்பு ஏற்றும்போதுதான் கண்ணுக்குத் தெரியும் என்றார். ஆக அந்த வரியில் ஓட்டுவது பாதிக் கட்டளை, நிறுத்துவது மீதிப் பாதி. ஆங்கிலத் தாள் நிறுத்துவதைச் சொல்லவே இல்லை. அதை எழுதியவருக்கும் படிப்பவருக்கும் அது தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியாததால் நானும் சொல்லாமல் விட்டேன்.

அந்த லாட்டைக் காப்பாற்ற மதியம் வரை மணிக்கொரு தடவை ஓட்டினார்கள். பெரும்பாலான முடி போய்விட்டது. சில தோல்களில் மடிப்பு இருந்த கோட்டில் வேர்முடி தங்கிவிட, அவை தரம் பிரிக்கும்போது கீழே போயின.

திருத்திய வரி இப்படி வந்தது: "மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை: ஒவ்வொரு மணி நேரத்திலும் 5 நிமிடம் ஓட்டி, 55 நிமிடம் நிறுத்தி வைக்கவும். மொத்தம் 12 தடவை." அதன் கீழே 12 கட்டங்கள். ஓட்டியதும் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆறு சொல், தமிழில் பதினைந்துக்கு மேல். இந்த நீளத்தைப் பற்றி முதலில் எனக்குக் கூச்சம் இருந்தது. சுருக்கமாகத் தமிழாக்குவதில்தான் திறமை இருக்கிறது என்று நினைத்து வந்தவன் நான். செய்முறைத் தாளில் சுருக்கத்தைத் தேடவே கூடாது என்று இப்போது நினைக்கிறேன். எண்ணை இரட்டித்து "ஐந்தைந்து நிமிடமாக 12 தடவை" என்று எழுதலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான வழிதான், பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் எண்களில் எழுதும்போது '5 5' என்பதை 55 என்று படித்துவிடும் ஆபத்து உண்டு, அதுவும் பக்கத்திலேயே உண்மையான 55 இருக்கும்போது. அதனால் விட்டுவிட்டேன்.

அதன்பின் மேஸ்திரியோடு உட்கார்ந்து தாளை முதலிலிருந்து படித்தேன். நான் படிப்பேன், அவர் தான் என்ன செய்வார் என்று திருப்பிச் சொல்வார். "புரிஞ்சுதா அண்ணே?" என்று நான் கேட்கக் கூடாது என்று எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அப்படிக் கேட்டால் யாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று மட்டும் கேட்பேன். தாளின் பிழைகள் எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வந்தன.

ஊறவைக்கும் பகுதி சீக்கிரம் முடிந்தது. முதல் ஊறல், முதன்மை ஊறல் என்று நான் எழுதியிருந்ததை அவர் "முதல் தண்ணி, ரெண்டாம் தண்ணி" என்று மாற்றினார். அங்கே எல்லோரும் சொல்வது அதுதான். முதல் தண்ணீர் உப்பையும் இரத்தத்தையும் சாணத்தையும் கழுவி இறக்க, இரண்டாம் தண்ணீர் தோலைப் பழையபடி பச்சைத் தோலின் ஈரத்துக்குக் கொண்டுவர. தண்ணீர் 300 விழுக்காடு என்பதை 3000 லிட்டர் என்றே எழுதிவிட்டோம். 'மயிர்' என்று எழுதுவதா, 'முடி' என்று எழுதுவதா என்ற தயக்கமும் அங்கே தீர்ந்தது. மயிர் தவறான சொல் இல்லை, பழைய சொல்தான். ஆனால் ஆலைக்குள் அதைச் சத்தமாகப் படிக்கும்போது சுற்றி நிற்பவர்கள் முகம் மாறுகிறது. முடிப் பக்கம், சதைப் பக்கம் என்று வைத்தோம்.

ஒரே ஒரு வரிதான் அங்கே நேரம் எடுத்தது. தோல் 'முழுமையாக ஈரம் ஏறும் வரை' ஊறவைக்கவும் என்று எழுதியிருந்தேன். மேஸ்திரி, "இதை எப்படித் தம்பி பாக்குறது?" என்றார். அவருக்கு அது தெரியும். தாளை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கும் புதியவருக்குத் தெரியாது என்பதற்காகக் கேட்டார். கழுத்துப் பக்கம் தோல் மிகத் தடிமன், அங்கேதான் ஈரம் கடைசியாகப் போய்ச் சேரும். அங்கே கத்தியால் ஒரு கீறல் போட்டு, வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் விறைப்பாக, காய்ந்த நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் இன்னும் ஊறவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி மெத்தென்று இருந்தால் பதம் வந்துவிட்டது. அவர் 'பதம்' என்று சொன்னதும் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சோற்றுக்கும் பாகுக்கும் நாம் சொல்கிற அதே சொல். பதனிடுதல் என்ற சொல்லின் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கிறது. 'முழுமையாக ஈரம் ஏறும் வரை' என்பதை அடித்துவிட்டு, 'பதம் பார்க்கவும்' என்று தலைப்பிட்டு அந்தக் கீறல் சோதனையை எழுதினேன். அதன்பின் தாளில் சோதனை வருகிற இடமெல்லாம் இதே தலைப்புதான்.

அடுத்து நாங்கள் நின்ற இடம், ஒரு எழுத்து.

சுண்ணாம்புக் கட்டத்தில் போடுவது சோடியம் சல்பைடு. முடியைக் கரைப்பது அதுதான். சுண்ணாம்பு முடிந்து, சதை நீக்கி, தோலிலிருந்து சுண்ணாம்பை வெளியேற்றும் கட்டத்தில் எங்கள் தாளில் சோடியம் மெட்டாபைசல்பைட் வருகிறது. சல்பைடு, சல்பைட். ஆங்கிலத்தில் கடைசியில் 'டி' ஒலிக்கும் எழுத்து வேறு, மென்மையான 'டி' ஒலிக்கும் எழுத்து வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'ட'தான். ஒன்றில் உகரம் இருக்கிறது, இன்னொன்றில் புள்ளி இருக்கிறது. ஈரக் கையோடு பிடித்த தாளில், குழல்விளக்கு வெளிச்சத்தில், அந்தப் புள்ளியை நம்பி ஒரு மூட்டையைப் பிரிக்க முடியாது. பேச்சில் இன்னும் மோசம். மெட்டாபைசல்பைட் என்று யாரும் முழுதாகச் சொல்வதில்லை, "அந்தச் சல்பைட்டு" என்றுதான் சொல்கிறார்கள். "அந்தச் சல்பைடு" என்பதிலிருந்து காதால் அதைப் பிரிப்பது கடினம்.

இது தரம் கெடுகிற விஷயமாக மட்டும் இருந்தால் இவ்வளவு நேரம் செலவிட்டிருக்க மாட்டோம். சல்பைடு காரமான சுண்ணாம்பு நீரில் இருக்கும்வரை கரைசலிலேயே கிடக்கும். சுண்ணாம்பை நீக்கும் கட்டத்தில் காரம் இறங்குகிறது, அடுத்ததில் அமிலமே வருகிறது. அந்த நேரம் டிரம்மில் சல்பைடு இருந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு. அதைவிடக் கொடியது, செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போவது. நாற்றம் நின்றுவிட்டது, ஆபத்து நீங்கியது என்று நினைத்து டிரம் கதவுக்குள் தலையை நீட்டுகிறவர் அங்கேயே விழுந்துவிடுவார். சாக்கடைக் குழியிலும் இதேதான்: சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே வாய்க்காலில் சந்திக்கக் கூடாது.

மேஸ்திரி இதைக் கண்டுபிடித்தது தாளைப் பார்த்து இல்லை, நான் படித்ததைக் கேட்டு. சுண்ணாம்பு நீக்கும் பகுதியை நான் படித்தபோது, "அங்க எதுக்குத் தம்பி மறுபடி சல்பைடு?" என்று கேட்டார். நான் சரியாகத்தான் உச்சரித்தேன் என்று நினைத்தேன். அவர் காதில் விழுந்தது அது இல்லை.

என்ன செய்தோம்? இரண்டு பெயரையும் தமிழில் வைத்துக்கொண்டே, பக்கத்தில் மூட்டையில் அச்சடித்திருக்கும் வாய்பாட்டை அப்படியே போட்டோம். ஒன்று Na2S, மற்றொன்று Na2S2O5. தாளில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் பிரிக்க வேண்டும் என்று ஒரு வரி. வேதியியல் தெரியாதவரும் கண்ணால் ஒப்பிட்டுவிட முடியும், படம் பார்ப்பது போல. கூடவே பொருளின் தோற்றத்தையும் எழுதினோம்: சல்பைடு மஞ்சள் அல்லது செம்பழுப்பு நிறச் சில்லுகள், மெட்டாபைசல்பைட் வெள்ளைத் தூள், மூட்டையைப் பிரித்ததும் தீக்குச்சி உரசியது போல நெடி மூக்கில் ஏறும். பிறகு பேச்சுக்காக மேஸ்திரியே ஒரு பெயர் வைத்தார். சல்பைடு அவர்களுக்கு 'சில்லு', மற்றது 'வெள்ளைத் தூள்'. அதையும் தாளில் ஏற்றினேன். எச்சரிக்கைகளைக் கடைசிப் பக்கத்தில் குறிப்பாகச் சேர்த்திருந்தேன், ஆங்கிலத் தாளில் அப்படித்தான் இருந்தது. அவற்றை உருவி எடுத்து, அந்தந்தப் படிக்கு முந்தின வரியாக வைத்தோம். கதவைத் திறந்தபின் படிக்கிற எச்சரிக்கையால் பயன் இல்லை.

விழுக்காட்டுக்கு வருகிறேன். தோல் ஆலைக்கு வெளியிலிருந்து வருகிற எந்த மொழிபெயர்ப்பாளரும் தடுக்கி விழக்கூடிய இடம் இது. தாள் முழுவதும் விழுக்காடுதான். தோலைப் பதனிடப் போடும் குரோம் 8 விழுக்காடு என்றால் எதில் 8? நான் மேலே 'எடை: 1000 கிலோ' என்று ஒரு தடவை போட்டுவிட்டு, கீழே எல்லாவற்றையும் விழுக்காட்டிலேயே விட்டிருந்தேன். ஊறவைப்பதற்கும் சுண்ணாம்புக்கும் எங்கள் தாளில் உப்புத் தோல் எடைதான் அடிப்படை, அது சரி. சுண்ணாம்பு முடிந்து முடியும் சதையும் நீங்கியபின் தோலைத் திரும்ப எடை போடுகிறார்கள். அதற்குப்பின் வரும் எல்லா விழுக்காடும் இந்தப் புது எடைமேல்தான். ஆங்கிலத் தாளில் இரண்டாம் பக்கத் தலைப்பில், சின்ன எழுத்தில் இரண்டே சொல்லில் இது இருந்தது. நான் அதைத் 'தோல் எடை' என்று மொழிபெயர்த்திருந்தேன். முதல் பக்கத்திலும் 'தோல் எடை'. இரண்டு வெவ்வேறு எடைக்கு ஒரே பெயர்!

அந்த லாட்டில் புது எடை 1120 கிலோ வந்தது. உப்பு போய், முடி போய், சதை போயும் எடை கூடியிருக்கிறதே என்று எனக்கு வியப்பு. சுண்ணாம்பில் வீங்கிய தோல் அவ்வளவு தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. இப்போது குரோம் தூள் 8 விழுக்காடு: 1000-க்குப் போட்டால் 80 கிலோ, 1120-க்குப் போட்டால் 89.6 கிலோ. என் தாளை நம்பியிருந்தால் கிட்டத்தட்ட பத்து கிலோ குறைந்திருக்கும். வேறொரு லாட்டில் சுண்ணாம்புத் தோலை இரண்டு படலமாகப் பிளந்து மேல் படலத்தை மட்டும் டிரம்மில் போட்டார்கள். அப்போது எடை 750 கிலோ. அதற்கு வேண்டியது 60 கிலோதான், என் தாள்படி 80 கிலோ போயிருக்கும். எப்போதும் குறையும் என்றோ எப்போதும் கூடும் என்றோ ஒரு திசையில் போகிற பிழை இல்லை என்பதால் யாரும் பழகித் திருத்திக்கொள்ளவும் முடியாது.

இதற்கு நாங்கள் கண்ட வழி: இரண்டு எடைக்கும் இரண்டு பெயர். 'உப்புத் தோல் எடை', 'சுண்ணாம்புத் தோல் எடை'. பொதுவாகத் 'தோல் எடை' என்ற சொல்லே தாளில் எங்கும் கிடையாது. விழுக்காட்டுக்குப் பக்கத்தில் கிலோவுக்கு ஒரு வெற்றுக் கட்டம். எடை போட்டவுடன் அம்மையார் கணக்குப் போட்டு, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, கையெழுத்திட்டுத் தருகிறார். டிரம் பக்கத்தில் நிற்பவர் கிலோவை மட்டும் பார்த்தால் போதும்.

அமிலக் கட்டம் குரோமுக்கு முந்தியது. இதை ஆங்கிலத்தில் ஊறுகாய்க்குச் சொல்கிற அதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அகராதி பார்த்து எழுதினால் தாளில் ஊறுகாய் வந்துவிடும். 'பிக்கிள்' என்றே எல்லோரும் சொல்வதால் அப்படியே வைத்தேன். கவனிக்க வேண்டிய வரி வேறு. கந்தக அமிலத்தை ஒன்றுக்குப் பத்து நீர்த்து ஊற்ற வேண்டும் என்பதை நான், "அமிலத்தில் 10 பங்கு தண்ணீர் கலந்து" என்று எழுதியிருந்தேன். கேட்க எவ்வளவு இயல்பான தமிழ்! ஆனால் அது சொல்கிற செயல், அமிலம் இருக்கிற வாளியில் தண்ணீரை ஊற்றுவது. அப்படி ஊற்றினால் விழுந்த இடத்தில் தண்ணீர் கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். 'பாலில் தண்ணீர் கலந்தான்' என்கிற பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போது அந்த வரி: "முதலில் பிளாஸ்டிக் பீப்பாயில் தண்ணீர் எடுக்கவும். பிறகு அந்தத் தண்ணீரில் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்றவும். அமிலத்தின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது." செய்கிற வரிசையும் எழுதுகிற வரிசையும் ஒன்றாக இருக்கட்டும் என்று அன்றிலிருந்து எல்லா வரியையும் அப்படியே மாற்றினேன்.

வரிசையைச் சொல்வதில் தமிழுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அமிலத்துக்கு முன்னால் உப்பு போட்டு 10 நிமிடம் ஓட்ட வேண்டும். உப்பு இல்லாத தண்ணீரில் அமிலம் பட்டால் தோல் மறுபடி வீங்கும், அந்த வீக்கம் நார்களைக் குலைத்துவிடும். ஆங்கிலத் தாளில் உப்பு மேல் வரி, அமிலம் கீழ் வரி, அவ்வளவுதான். நாம் "உப்பு போட்டு 10 நிமிடம் ஓட்டிய பிறகே அமிலம்" என்று எழுதலாம். அந்த ஏகாரம் ஒன்றே போதும், தனி எச்சரிக்கை வேண்டாம்.

குரோம் கட்டத்தில் ஒரு வரியை மொழிபெயர்க்கவே முடியாமல் நிறுத்தி வைத்தேன். குரோம் தோலின் நடுவரை ஊடுருவியபின், அதை நாரோடு பிணைக்க மெல்ல மெல்லக் காரத்தை ஏற்ற வேண்டும். அதற்குச் சோடியம் பைகார்பனேட், நாம் சொல்கிற ஆப்ப சோடா. தாளில் இருந்தது: 1.2 விழுக்காடு, ஒன்றுக்குப் பத்து, '3 இன்டு 20 மினிட்ஸ்'. மூன்று தடவை, 20 நிமிட இடைவெளியில். சரி. ஆனால் 1.2 விழுக்காடு மொத்தமா, தடவைக்கா? ஆங்கிலத்திலேயே அது இல்லை. தெரியாததைத் தமிழில் மழுப்பி எழுதிவிடலாம், "1.2 விழுக்காடு, மூன்று தடவையாக" என்று. அதே தெளிவின்மை தமிழிலும் பத்திரமாகப் போய்ச் சேரும். அப்படிச் செய்ய மனம் வரவில்லை, அம்மையாரிடம் போய்க் கேட்டேன்.

"மொத்தம்தான்," என்றார் உடனே. "தடவைக்கு 1.2-னு போட்டா மூணு மடங்கு போயிடும். குரோம் உள்ளே பிணையறதுக்குள்ள மேலேயே படிஞ்சிடும். தோல் பரப்பு சொரசொரன்னு ஆகி, பச்சைத் திட்டு விழும். அதைத் திருத்தவே முடியாது." குரோம் தூள் கரைசல் தொடக்கத்தில் அமிலமாக இருக்கும்போது பிணையாமல் உள்ளே போகிறது, பிஎச் மூன்றுக்குக் கீழ். பிறகு அதை மெல்ல 3.8 முதல் 4 வரை உயர்த்தினால் போன இடத்திலேயே பிணைகிறது. அவசரப்பட்டால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அந்த வரியின் இறுதி வடிவம் இது: "ஆப்ப சோடா மொத்தம் 13.44 கிலோ (1120 கிலோ சுண்ணாம்புத் தோலுக்கு). இதை மூன்று சம பங்காகப் பிரிக்கவும். ஒரு பங்கு 4.48 கிலோ. ஒரு பங்கை 45 லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, டிரம் ஓடும்போதே ஊற்றவும். 20 நிமிடம் ஓடிய பிறகே அடுத்த பங்கு." கரையாத தூள் தோலில் பட்டால் பட்ட இடத்தில் திட்டு விழும் என்பதால் 'முழுதாக' என்ற சொல்லை மேஸ்திரி தடித்த எழுத்தில் கேட்டார்.

இங்கேயே இன்னொரு சொல்லையும் எடுத்துவிட்டேன். குரோம் தூள் மூட்டையில் 33 விழுக்காடு என்று ஒரு எண் இருக்கும், குரோமோடு எவ்வளவு காரப் பகுதி பிணைந்திருக்கிறது என்பதன் அளவு அது. நான் 'காரத்தன்மை 33%' என்று எழுதியிருந்தேன். படித்த இளைஞர் ஒருவர், அப்படியானால் இது காரப்பொருள், சோடாவைக் குறைக்கலாமே என்று கேட்டார். குரோம் தூளைக் கரைத்தால் வருவது அமிலக் கரைசல்தான். டிரம் பக்கத்தில் நிற்பவருக்கு அந்த எண்ணால் ஒரு வேலையும் இல்லை. தாளிலிருந்து நீக்கி, கிடங்கில் சரிபார்க்கும் தாளுக்கு மாற்றினோம். எல்லாவற்றையும் மொழிபெயர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை என்று எனக்கு அனுமதி கிடைத்த இடம் அது.

கடைசிப் பதம் கொதிநீரில். ஆங்கிலத்தில் 'பாயில் டெஸ்ட், நோ ஷ்ரிங்கேஜ்' என்று முடிந்துவிடுகிறது. தமிழில் நாங்கள் எழுதியது: தோலின் தடித்த பகுதியில் சிறு துண்டு வெட்டவும். காகிதத்தில் வைத்து, அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடவும். துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் 2 நிமிடம் போட்டு எடுக்கவும். திரும்பக் கோட்டின்மேல் வைக்கவும். கோட்டை நிரப்பினால் குரோம் பிணைந்துவிட்டது. கோட்டுக்கு உள்ளே சுருங்கினாலோ ஓரம் சுருண்டாலோ பிணையவில்லை. டிரம்மை நிறுத்தாமல் சொல்லி அனுப்பவும்.

நான் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரி இரண்டு துண்டு தந்தார். ஒன்று பதனிடாத தோல். கொதிநீரில் போட்ட சில நொடியில் அது சுருண்டு, தடித்து, ரப்பர் கட்டி போல ஆனது; பென்சில் கோட்டுக்குள் தொலைந்துபோனது. மற்றது டிரம்மிலிருந்து அப்போதுதான் வெட்டிய நீலத் துண்டு. 2 நிமிடம் கழித்து இடுக்கியால் எடுத்து வைத்தேன். ஆவி பறந்தது. கோட்டை ஓரத்துக்கு ஓரம் மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

அந்தக் காகிதத்தையே தாளோடு பின் செய்து வைக்கலாமே என்று அவர்தான் சொன்னார். இப்போது ஒவ்வொரு லாட்டின் செய்முறைத் தாளோடும் ஒரு பென்சில் கோடு போட்ட காகிதம் வருகிறது. போன லாட்டின் தாளில் இரவு நேரக் கட்டங்கள் பன்னிரண்டும் டிக் அடித்து வந்திருந்தன. ஏழாவது கட்டத்தின் பக்கத்தில், அன்று ஒரே ஒரு தடவை ஓட்டிய அதே பையனின் கையெழுத்தில், "மடிப்பு இருந்தது, பிரித்து விட்டேன்" என்று எழுதியிருந்தது. அடுத்த பதிப்பில் 12 கட்டத்துக்குப் பக்கத்திலும் 'மடிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.